வானத்தில் பறவையை நீக்கிய இடம் மட்டும் திட்டாகத் தெரிகிறது: என்னதான் செய்வது?

கருக்கல் | மார்ச் 3, இரவு 10:12

சூரியன் இறங்கிய பிறகு எடுத்த படம். கீழே மலைக்கோடு, மேலே மேகமே இல்லாத வெறும் வானம். மேல் மூன்றில் ஒரு பங்கில் ஒரு பறவை, இறக்கை பாதி மங்கலாக, அழகாகவும் இல்லை, அடையாளமும் தெரியவில்லை. அதைப் படத்திலிருந்து எடுக்க வேண்டும். 6000-க்கு 4000 பிக்சல், ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது, ரா கோப்பு இல்லை.

ஹீலிங் பிரஷ் போட்டேன், பறவை போய்விட்டது. ஆனால் படத்தைச் சின்னதாக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு திட்டு. குளோன் போட்டால் திட்டு பெரிதாகிறது. சரி, மங்கலாக்கினால் கலந்துவிடும் என்று பிளர் போட்டால் பட்டை பட்டையாகப் பிரிகிறது. மரத்துக்கு முன்னால் பறந்த பறவையை எல்லாம் அரை நிமிடத்தில் எடுத்திருக்கிறேன். ஒன்றுமே இல்லாத வானத்தில் இவ்வளவு பாடு ஏன்?

தூரிகை72 | மார்ச் 3, இரவு 10:40

8 பிட்டில் வேலை செய்கிறீர்கள், அதுதான் காரணம். 16 பிட்டுக்கு மாற்றுங்கள், பேண்டிங் போய்விடும். முடிந்தது கதை.

கருக்கல் | மார்ச் 3, இரவு 11:25

மாற்றிப் பார்த்தேன். பட்டை கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, திட்டு அப்படியே இருக்கிறது. கதை முடியவில்லை.

சுப்பு_லென்ஸ் | மார்ச் 4, காலை 6:50

சென்சாரில் தூசி இருந்தால் இப்படித்தான் வானத்தில் திட்டு தெரியும் தம்பி. எஃப்/16-ல் ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். ஊதுகுழல் வைத்து ஊதுங்கள், துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள்.

கருக்கல் | மார்ச் 4, காலை 7:15

அண்ணா, தூசி இல்லை, பறவை. இறக்கை இருக்கிறது.

மென்கிரெய்ன் | மார்ச் 4, மதியம் 1:30

கருக்கல் கேட்ட "ஏன்" என்பதிலிருந்தே தொடங்கலாம். மரத்துக்கு முன்னால் நீங்கள் செய்த பிழையை இலைகள் மறைத்துவிடும். வெறும் வானத்தில் மறைக்க எதுவும் கிடையாது. அங்கே இருப்பது இரண்டே விஷயம்: மெல்ல மெல்ல மாறும் நிறம், அதன் மேல் தூவிய மாதிரி கேமராவின் நாய்ஸ். இரண்டில் எது தப்பினாலும் கண் பிடித்துவிடும். உங்கள் ஹீலிங், குளோன், பிளர் மூன்றும் வெவ்வேறு விதத்தில் இந்த இரண்டையும் கெடுக்கின்றன.

முதலில் ஒன்று செய்யுங்கள். பறவை இருந்த உயரத்திலும், அதற்கு 400 பிக்சல் கீழேயும் பச்சை சேனலின் மதிப்பு என்ன என்று பாருங்கள். ஒரு பிக்சலை மட்டும் தொட்டுப் பார்க்காதீர்கள், நாய்ஸ் ஏமாற்றும். சின்னச் சதுரமாகத் தேர்ந்தெடுத்து, ஹிஸ்டோகிராம் பலகையில் சராசரி பாருங்கள். அதே இடத்தில் `Std Dev` என்று ஒரு எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹீலிங் போட்ட இடத்துக்கும் அதே போல.

கருக்கல் | மார்ச் 4, இரவு 9:05

60-க்கு 60 சதுரம் வைத்துப் பார்த்தேன்.

பறவை உயரத்தில் பச்சை சராசரி 138. 400 பிக்சல் கீழே 144. நல்ல வானத்தில் `Std Dev` 1.6. ஹீலிங் போட்டு, மேலே மென்மையான பிரஷால் நாலைந்து முறை குளோன் தடவிய இடத்தில் 0.6.

இந்த 0.6-தான் குற்றவாளியா?

மென்கிரெய்ன் | மார்ச் 4, இரவு 10:20

பாதிக் குற்றவாளி. மற்ற பாதி அந்த 138, 144-இல் இருக்கிறது.

400 பிக்சலில் 6 படி. அதாவது ஏறக்குறைய 65 பிக்சலுக்கு ஒரு படி. நாய்ஸ் இல்லாமல் இருந்தால் உங்கள் வானம் 65 பிக்சல் அகலப் பட்டைகளாகத்தான் இருக்கும், ஏனென்றால் 8 பிட்டில் 138-க்கும் 139-க்கும் நடுவே எண்ணே கிடையாது. உங்கள் வானம் இப்போது வழுவழுப்பாகத் தெரிவதே நாய்ஸின் புண்ணியம். அது 138, 139 இரண்டையும் கலந்து தூவுவதால் கண் நடுவே ஒரு நிறத்தைப் பார்க்கிறது. பிளர் போட்டதும் அந்தத் தூவல் போய், ஒளிந்திருந்த பட்டைகள் வெளியே வந்துவிட்டன. பிளர் பட்டையை உண்டாக்கவில்லை, மூடியிருந்ததைத் திறந்தது, அவ்வளவுதான்.

இனி குளோன். பறவைக்கு 130 பிக்சல் மேலிருந்து எடுத்து ஒட்டியிருந்தால் அந்த ஒட்டு இரண்டு படி இருண்டிருக்கும். 255-இல் இரண்டு என்ன பெரிது என்று தோன்றும். ஆனால் வெறும் பரப்பில், மூடிய ஓரத்தோடு இரண்டு படி வித்தியாசம் இருந்தால், சுவரில் அதே பெயின்ட்டை வாங்கி ஒட்டுப்போட்ட இடம் மாதிரி தனியாகத் தெரியும். அதனால் குளோன் எடுப்பதென்றால் மேலிருந்தும் கீழிருந்தும் வேண்டாம், பக்கவாட்டில், அதே உயரத்தில் எடுங்கள்.

தூரிகை72 சொன்ன 16 பிட் தேவைதான். ஆனால் 8 பிட் ஜேபெக்கை 16-க்கு மாற்றினால் இல்லாத படிகள் முளைத்து வராது. இனிமேல் நீங்கள் போடும் பிளரும் கலப்பும் நடுப்படிகளில் உட்கார இடம் கிடைக்கும், அவ்வளவே. அது பட்டைக்கு மருந்து. திட்டுக்கு இல்லை.

தூரிகை72 | மார்ச் 4, இரவு 10:45

நான் சொன்னதும் அதுதானே. பாதி சொன்னேன்.

அப்புறம், "அதே உயரம்" என்பது எப்போதும் சரிவராது. அகல லென்ஸில் ஓரம் இருட்டும். சூரியன் ஒரு பக்கம் இறங்கினால் வானத்தின் சாய்வும் அந்தப் பக்கம் சரியும். படுக்கைக்கோடு என்று நினைப்பது உண்மையில் வளைகோடு.

மென்கிரெய்ன் | மார்ச் 4, இரவு 11:10

உண்மை. நான்தான் சுருக்கிச் சொல்லிவிட்டேன். அந்த வளைவைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எல்லா லேயருக்கும் மேலே ஒரு லெவல்ஸ் லேயர் போட்டு, கருப்பு 120, வெள்ளை 160 என்று வைத்துக்கொள்ளுங்கள். வானத்தின் 40 படிகள் முழு அளவுக்கு இழுபட்டு, வித்தியாசம் எல்லாம் ஆறு மடங்குக்கு மேல் பெருகும். வானம் கோரமாகத் தெரியும், பரவாயில்லை. சம வெளிச்சக் கோடுகள் எப்படி வளைகின்றன, உங்கள் ஒட்டு எங்கே துருத்துகிறது, இரண்டுமே அதில் பளிச்சென்று தெரியும். மூன்று சேனலையும் தனித்தனியாகவும் பாருங்கள். வெளிச்சம் சரியாக இருந்து நிறம் மட்டும் ஊதா பக்கமோ பச்சை பக்கமோ சாய்ந்த திட்டுகள் அப்போதுதான் அகப்படும். வேலை முடியும் வரை அந்த லேயரை அணைத்து அணைத்து ஏற்றுங்கள், சேமிக்கும் முன் அழித்துவிடுங்கள்.

கருக்கல் | மார்ச் 5, காலை 6:30

லெவல்ஸ் லேயர் போட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

திட்டு ஒன்று இல்லை, மூன்று. ஒன்று ஹீலிங் போட்ட இடத்தின் நடுவே, கொஞ்சம் இருட்டாக. இரண்டாவது, அதைச் சுற்றி ஒரு வளையம், வெளிச்சம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே மட்டும் கிரெய்ன், அதாவது அந்த நாய்ஸ் தூவல், வழுக்கையாக இருக்கிறது. மூன்றாவது, பறவை இறக்கை முனை இருந்த இடத்துக்கு வெளியே சின்னச் சின்னக் கட்டங்கள்.

கட்டங்களை நான் தொடவே இல்லை. மூலப் படத்திலேயே இருக்கின்றன.

மென்கிரெய்ன் | மார்ச் 5, மதியம் 2:15

மூன்றுக்கும் மூன்று காரணம். கட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் திட்டுக்கும் அதுவே பாதிக் காரணம்.

ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. நிற விவரத்தைப் பாதியாக்கிச் சேமித்திருந்தால், நிறத்துக்கு அந்தக் கட்டம் 16-க்கு 16 ஆகிவிடும். ஒரு கட்டத்தில் இறக்கை நுனி மட்டும் மாட்டியிருந்தாலும் அந்தக் கட்டம் முழுக்க அழுக்கு பரவும். அதனால் பறவை கண்ணுக்குத் தெரியும் ஓரத்தோடு முடிவதில்லை, அதற்கு வெளியே 16 பிக்சல் வரை நீள்கிறது. கேமரா ஷார்ப்பனிங் போட்டிருந்தால் அதைச் சுற்றி ஒரு வெளிர் கோடும் இருக்கும். ஆக மாஸ்க்கை இறக்கை ஓரத்தோடு கச்சிதமாக வெட்டுவது இந்த வேலையில் கெட்ட பழக்கம். தாராளமாக, 20 முதல் 30 பிக்சல் வெளியே தள்ளி வரையுங்கள். வானம் இலவசம், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நடுவில் இருட்டு ஏன்? ஹீலிங் பிரஷ் கிரெய்னை நீங்கள் காட்டிய இடத்திலிருந்து எடுக்கும். வெளிச்சத்தையும் நிறத்தையும் மட்டும் நீங்கள் தடவிய பகுதியின் ஓரத்திலிருந்து எடுத்து உள்ளே பரப்பும். அந்த ஓரம் எங்காவது இறக்கையைத் தொட்டால், இறக்கையின் இருட்டு உள்ளே கசியும். சின்ன பிரஷால் கொத்திக் கொத்தி எடுத்தால் ஒவ்வொரு கொத்தும் பக்கத்துக் கொத்தின் கசிவை வாங்கிக்கொள்ளும். பறவையை விடப் பெரிய பிரஷை வைத்து, ஒரே இழுப்பில் முழுவதையும் மூடி, ஓரம் எல்லாப் பக்கமும் சுத்தமான வானத்தில் நிற்கும்படி செய்யுங்கள். நடுவே விரலை எடுக்காதீர்கள்.

இனி அந்த வழுக்கை வளையம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. மென்மையான ஓரமுள்ள பிரஷால் குளோன் செய்தால், ஓரத்தில் பாதி பழைய கிரெய்னும் பாதி புதிய கிரெய்னும் கலக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு நாய்ஸைச் சரிபாதி கலந்தால் விளைவு பழைய அளவில் 0.7 மடங்குதான், ஒன்றின் மேட்டை மற்றதன் பள்ளம் தின்றுவிடுகிறது. உங்கள் 1.6 அங்கே 1.1 ஆகிவிடும். மேலே மறுபடி தடவினால் இன்னும் குறையும். நீங்கள் நாலைந்து முறை தடவி 0.6 வரை கொண்டு வந்திருக்கிறீர்கள். மென்மையான பிரஷ் பாதுகாப்பானது என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். வானத்தில் அதுவே திட்டுக்குத் தாய்.

தூரிகை72 | மார்ச் 5, மாலை 5:40

அப்படியானால் கெட்டியான ஓரமுள்ள பிரஷ் போட வேண்டியதுதானா? ஓரம் கோடாகத் தெரியுமே.

மென்கிரெய்ன் | மார்ச் 5, மாலை 6:20

நிறமும் கிரெய்னும் ஒரே லேயரில் இருக்கும் வரை தெரியும். பிரித்துவிட்டால் தெரியாது. நிறத்துக்கு மென்மையான ஓரம், கிரெய்னுக்குக் கெட்டியான ஓரம். நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒன்றுதான்.

கிம்ப்பில் இது எளிது. முதலில் `Image > Precision` போய் 16 பிட்டோ 32 பிட் ஃப்ளோட்டோ ஆக்கிக்கொள்ளுங்கள். பறவையை மேலே சொன்னபடி ஒரே இழுப்பில் ஹீல் செய்யுங்கள், நூறு சதவீதம் நன்றாக வராவிட்டாலும் பரவாயில்லை, இருட்டுப் பொருள் ஒன்றும் மிஞ்சக்கூடாது, அவ்வளவுதான். அந்த லேயரை நகலெடுத்து, நகலுக்கு 30 பிக்சல் அளவில் காஸியன் பிளர். நகலின் மோடை `Grain extract` ஆக்கினால் திரையில் சாம்பல் பரப்பின் மேல் வெறும் கிரெய்ன் மட்டும் தெரியும். `New from Visible` கொடுத்து அதைத் தனி லேயராக எடுத்து, மேலே வைத்து, `Grain merge` ஆக்குங்கள். பிளர் லேயரை நார்மலுக்குத் திருப்புங்கள். பழைய படமே திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ மோடு மாறியிருக்கிறது, மேலே போகாதீர்கள்.

இப்போது கீழே இருக்கும் பிளர் லேயரில் பறவை இருந்த இடத்தைத் தாராளமாகச் சுற்றி வளைத்து, தேர்வின் ஓரத்தை 60, 80 பிக்சல் மென்மையாக்கி, இன்னும் பெரிய பிளர் போடுங்கள், 100-க்குக் குறையாமல். இது 16 பிட்டில் நடப்பதால் பட்டை விழாது. பிறகு மேலே இருக்கும் கிரெய்ன் லேயரில் குளோன் பிரஷை எடுத்து, ஓரத்தைக் கெட்டியாக வைத்து, ஒளிபுகாமை 100, பக்கத்து வானத்துக் கிரெய்னை ஒரே முறை ஒட்டுங்கள். அந்த லேயரில் நிறமே இல்லை என்பதால் எந்த உயரத்திலிருந்து எடுத்தாலும் சரி, கெட்டி ஓரமும் தெரியாது. மறுபடி தடவாதீர்கள்.

போட்டோஷாப்பில் இதையே ஃப்ரீக்வென்சி செபரேஷன் என்பார்கள். அங்கே `Apply Image`-இல் போடும் எண்கள் 8 பிட்டுக்கும் 16 பிட்டுக்கும் வேறு வேறு. 8 பிட் செய்முறையை 16 பிட்டில் போட்டுவிட்டு நிறம் மாறுகிறதே என்று புலம்புபவர்கள் நிறைய.

கருக்கல் | மார்ச் 5, இரவு 11:50

திட்டு போய்விட்டது. லெவல்ஸ் லேயரிலும் நடுப்பகுதி சுத்தம். `Std Dev` 1.5.

ஆனால் முதல் தடவை பிளர் லேயரைப் பெரிய அளவில் பிளர் செய்தபோது கீழே மலைக்கோட்டின் இருட்டு மேலே ஏறிவந்தது. தேர்வு மலையிலிருந்து தள்ளியே இருந்தது, ஆனாலும் பிளர் வெளியிலிருந்தும் இழுக்கிறது போல. என் பறவை மேலே இருப்பதால் தேர்வைச் சின்னதாக்கித் தப்பித்தேன். மலைக்குப் பக்கத்தில் பறந்திருந்தால்?

நிரலன் | மார்ச் 6, காலை 9:10

பிளரே வேண்டாம். வானம் என்பது கணக்குக்கு ஒரு வழுவழுப்பான பரப்பு. சுற்றியுள்ள சுத்தமான வானத்துக்கு ஓர் இருபடிப் பரப்பைப் பொருத்தினால் ஓட்டைக்குள் என்ன நிறம் இருந்திருக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். மலை படாமல் வெட்டிக்கொண்டால் மலையின் இருட்டுக்கு அங்கே வேலையே இல்லை. `cv2.inpaint` போட்டுப் பார்த்திருக்கிறேன், அது ஓரத்து நாய்ஸை உள்ளே இழுத்துக் கோடு கோடாகத் தீற்றுகிறது, கிரெய்னும் தருவதில்லை.

பறவை நடுவில் வரும்படி 900-க்கு 600 வெட்டிக்கொள்ளுங்கள். `p` அந்தத் துண்டு, `hole` பறவையின் தாராள மாஸ்க், `bool` வகையில்.

```python
import numpy as np

h, w = hole.shape
y, x = np.mgrid[0:h, 0:w]
x, y = x / w, y / h
A = np.stack([x*0 + 1, x, y, x*x, x*y, y*y], axis=-1)

p = p.astype(np.float64)
c = np.linalg.lstsq(A[~hole], p[~hole], rcond=None)[0]
tone = A @ c
grain = np.roll(p - tone, 300, axis=1)

out = p.copy()
out[hole] = tone[hole] + grain[hole]
out = np.clip(np.rint(out), 0, 255).astype(np.uint8)
```

300 பிக்சல் இடப்பக்கத்திலிருந்து கிரெய்ன் வருகிறது. சீரற்ற எண்களாக நாய்ஸ் உண்டாக்குவதை விட இது நல்லது, கேமரா நாய்ஸ் பிக்சலுக்குப் பிக்சல் தனித்தனியாக இருக்காது, பக்கத்துப் பிக்சல்களோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும்.

மென்கிரெய்ன் | மார்ச் 6, மதியம் 12:40

அழகு. ஒரே ஒரு திருத்தம்: 300 வேண்டாம், 304 வையுங்கள். மூலம் ஜேபெக், கிரெய்னுக்குள்ளேயே அந்தக் கட்டங்களின் தடம் இருக்கிறது. 16-இன் மடங்காக நகர்த்தினால் ஒட்டிய கட்டங்களும் பழைய கட்டங்களும் வரிசை தவறாமல் உட்காரும். 300 என்றால் நாலு பிக்சல் விலகி, இழுத்துப் பார்க்கும்போது ஓரத்தில் ஒரு சின்ன இடறல் தெரியும். படத்தை இடையில் அளவு மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

நிரலன் | மார்ச் 6, மதியம் 1:05

304 போட்டுவிட்டேன். நியாயம்.

மாஸ்க் 300 பிக்சலுக்கு மேல் அகலமாக இருந்தால் பறவையின் வாலே கிரெய்னாக வந்து ஒட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவம்.

கருக்கல் | மார்ச் 6, இரவு 8:30

நிரலன் வழியில் செய்து பார்த்தேன், `Std Dev` 1.6, நூல் பிடித்த மாதிரி. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது, தடவும் வேலை இல்லை. மெல்லிய மேகம் இருந்தால் இருபடிப் பரப்பு போதுமா என்று தெரியவில்லை. ஒரு வேறு படத்தில் லேசான மூட்டம் இருக்கிறது, அதில் போட்டேன், ஓட்டை இருந்த இடத்தில் மூட்டமே இல்லாமல் சுத்தமான வானம் வந்தது. அதுவும் ஒரு திட்டுதான்.

நிரலன் | மார்ச் 6, இரவு 9:00

போதாது. மூட்டத்துக்கு அதன் வடிவம் வேண்டும், பரப்புக்கு வடிவம் தெரியாது. அங்கே கையால் ஹீலிங்தான்.

சுப்பு_லென்ஸ் | மார்ச் 7, காலை 6:20

இழை முழுக்கப் படித்தேன், பறவை என்று இப்போது புரிகிறது. என்னிடம் ஒரு படத்தில் காற்றாடி. காற்றாடியை எடுத்துவிட்டேன், அதன் நூல் வானம் முழுக்கக் குறுக்கே ஓடுகிறது, மூன்று பிக்சல் தடிமன். அதை ஒரே இழுப்பில் எப்படி மூடுவது? படத்தின் பாதியை மூட வேண்டியிருக்கும்.

மென்கிரெய்ன் | மார்ச் 7, காலை 10:15

நூலுக்கு இந்த முறையெல்லாம் பெரிய ஆயுதம். நூலை ஒட்டி 15 பிக்சல் அகலத்தில் ஒரு நாடா மாதிரி தேர்ந்தெடுங்கள், நூல் வளைந்தால் பாதைக் கருவியால் வளைத்து. அதற்குள் மீடியன் பிளர், ஆரம் ஐந்து. போட்டோஷாப்பில் `Dust & Scratches` அதே வேலையைச் செய்யும். நூல் அந்தச் சாளரத்தில் பாதிக்கும் குறைவான இடத்தைப் பிடிப்பதால் தடயமில்லாமல் போய்விடும். கூடவே கிரெய்னும் போகும். அதனால் பிறகு மேலே சொன்னபடி கிரெய்னைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டத்தான் வேண்டும். நாடாவை அப்படியே 32 பிக்சல் தள்ளி நகலெடுத்தால் போதும்.

நூல் மலை ஓரத்தைத் தொடும் கடைசித் துண்டை மட்டும் கையால் செய்யுங்கள். மீடியன் மலைமுகட்டை வழித்துவிடும்.

தூரிகை72 | மார்ச் 7, பகல் 11:30

ஒரு சந்தேகம். இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில், கடைசியில் படம் முழுக்கக் கொஞ்சம் நாய்ஸ் தூவிவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடாதா? நான் அப்படித்தான் செய்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

மென்கிரெய்ன் | மார்ச் 7, மதியம் 3:00

பட்டைக்கு ஆகும். கிரெய்ன் வித்தியாசத்துக்கும் ஓரளவு ஆகும், ஆனால் 0.6-க்கும் 1.6-க்கும் உள்ள இடைவெளியை மறைக்க நிறையத் தூவ வேண்டும், மலையும் சேர்ந்து சொரசொரப்பாகும். இரண்டு படி இருண்ட திட்டு இருந்தால் எவ்வளவு தூவினாலும் தூரத்தில் நின்று பார்ப்பவர் கண்ணில் படும்.

தூரிகை72 | மார்ச் 7, மதியம் 3:20

அச்சில் தெரியாது. பந்தயம்.

கருக்கல் | மார்ச் 9, இரவு 10:40

புதுத் தலைவலி. கோப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது. 1500 பிக்சலுக்குச் சுருக்கி வலையேற்றினேன், வானம் முழுக்கப் பட்டை. பறவை இருந்த இடத்தில் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும். முதலில் என் திரைதான் மோசம் என்று நினைத்து வேறு திரையில் பார்த்தேன், அங்கேயும் அதே பட்டை, அதே இடத்தில்.

நிரலன் | மார்ச் 9, இரவு 11:15

நாலில் ஒரு பங்காகச் சுருக்கும்போது 16 பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது. சராசரி எடுத்தால் நாய்ஸும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. உங்கள் 1.6 இப்போது 0.4 பக்கம். பட்டையை மறைக்க ஏறக்குறைய அரைப் படியாவது வேண்டும். அந்த எல்லைக்குக் கீழே போய்விட்டீர்கள்.

மென்கிரெய்ன் | மார்ச் 10, காலை 8:45

அதோடு வலையேற்றும்போது மறுபடி ஜேபெக் சுருக்கம். தரம் 75 என்று வைத்துக்கொண்டால், வழக்கமான அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்தின் சராசரியும் சரியாக ஒரு படிக்கு வட்டமாக்கப்படும், மெல்லிய நாய்ஸ் முழுவதும் பூஜ்யமாகிவிடும். மிஞ்சுவது 8 பிக்சல் கட்டங்களாலான படிக்கட்டு. நீங்கள் செய்த நுணுக்கமான வேலையை எல்லாம் அந்த ஒரு சுருக்கம் துடைத்துவிடும்.

வரிசையை மாற்றுங்கள். பறவையை முழு அளவில், 16 பிட்டில் எடுங்கள். 16 பிட்டிலேயே சுருக்குங்கள். சுருக்கிய பிறகு வானத்துக்கு மட்டும் நாய்ஸ் சேருங்கள், `Std Dev` ஒன்றுக்குப் பக்கத்தில் வரும் வரை. பிறகுதான் 8 பிட். தரம் 90-க்கு மேல். தளம் தானாகவே மறுபடி சுருக்கும் என்றால் நாய்ஸைச் சேர்த்ததும் மிக லேசாக, அரைப் பிக்சல் அளவு, பிளர் செய்து கொஞ்சம் கூடுதலாகத் தூவுங்கள். பொடி நாய்ஸை விடச் சற்றுத் தடித்த நாய்ஸ் அந்தச் சுருக்கத்தில் அதிகம் தப்பிப் பிழைக்கும்.

தூரிகை72 | மார்ச் 10, காலை 9:10

ஆக கடைசியில் நாய்ஸ் தூவச் சொல்கிறீர்கள்.

மென்கிரெய்ன் | மார்ச் 10, காலை 9:30

திட்டை எடுத்த பிறகு. ஆனால் சரி, தூவச் சொல்கிறேன்.

கருக்கல் | மார்ச் 12, இரவு 9:20

மேலே சொன்ன வரிசையில் ஏற்றினேன். பட்டை இல்லை. ஒரு ஐயம் மட்டும் பாக்கி. இந்தப் படத்துக்கு இனிமேல்தான் டீஹேஸ் போடலாம் என்றிருந்தேன், கொஞ்சம் போட்டதும் பறவை இருந்த இடத்துக்கு மேலே மெல்லிய வெளிர் கோடு ஒன்று எழுந்தது. லெவல்ஸ் லேயரில் அது இல்லை. டீஹேஸ் அந்த இடத்தை மட்டும் எப்படிக் கண்டுபிடித்தது?

மென்கிரெய்ன் | மார்ச் 13, காலை 7:50

டீஹேஸ் பகுதிக்குப் பகுதி வெவ்வேறாகக் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும், லெவல்ஸ் அப்படிச் செய்யாது. 120-160-க்குப் பதில் 132-146 என்று இறுக்கிப் பாருங்கள், அந்தக் கோடு அங்கேயும் இருக்கக்கூடும். எதுவானாலும் டீஹேஸ், கிளாரிட்டி எல்லாம் போட்டு முடித்த பிறகு பறவையை எடுப்பதுதான் என் வழக்கம்.

நிரலன் | மார்ச் 13, காலை 8:30

நான் எதிர்க்கட்சி. டீஹேஸ் போட்டதும் இறக்கையைச் சுற்றி ஒரு பெரிய ஒளிவட்டம் எழும், மாஸ்க்கை 20, 30 பிக்சல் இல்லை, 100 பிக்சல் தள்ளி வரைய வேண்டியிருக்கும். முதலில் எடுத்துவிட்டால் ஒளிவட்டமே வராது.

கருக்கல் | மார்ச் 13, இரவு 10:05

132-146-இல் கோடு தெரிகிறது. ஹீலிங் மாஸ்க்கின் மேல் ஓரம்தான், நிரலன் வழிக்கு முந்தைய கோப்பில் டீஹேஸ் போட்டிருக்கிறேன். புதிய கோப்பில் இரண்டு வரிசையிலும் செய்து பார்த்துப் போடுகிறேன்.